சலானோடு வந்த பார்சல், பில்லோடு வந்த பார்சல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து பதினைந்து நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் டெலிவரி சலான்தான் அது. வலது மூலையில் இருக்கும் ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கீழே “மெஷினுக்குப் பில் கேட்டால் டூப்ளிகேட் பில் தருகிறார்கள்” என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்ததும் நேரே எங்களுக்கே போன் போட்டு “என்னங்க இது?” என்று கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கேட்காமலே அடுத்த குழுவுக்கு அனுப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

அந்தத் தாளில் உள்ள முழு வாசகம் ‘டூப்ளிகேட் ஃபார் டிரான்ஸ்போர்ட்டர்’. ஜிஎஸ்டி விதி 55-இன்படி ஒவ்வொரு டெலிவரி சலானும் மூன்று பிரதிகள். முதல் பிரதி சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது அனுப்பும் எங்களுக்கு. எந்தப் பிரதி யாருக்கு என்பதைத் தாளிலேயே அச்சடிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். டூப்ளிகேட் என்றால் இங்கே இரண்டாம் பிரதி, போலி அல்ல. நடந்தது இவ்வளவுதான்: டிரைவர் தன் பிரதியை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்குரிய ‘ஒரிஜினல் ஃபார் கன்சைனி’ பிரதியை வண்டியிலேயே கொண்டுபோய்விட்டார். அந்தப் பிரதி மறுநாளே வாங்கி அனுப்பப்பட்டுவிட்டது. அதைப் படம் எடுத்து யாரும் எங்கும் போடவில்லை.

இன்னொன்றும் உண்டு. அது டூப்ளிகேட் பில்லும் அல்ல, பில்லே அல்ல. அது சலான். பில் என்பது விற்பனையைச் சொல்லும் தாள். வரி அதில்தான் கணக்காகும், உங்கள் ஆடிட்டருக்கு வேண்டியதும் அதுதான். சலான் என்பது சரக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏன் நகர்கிறது என்று சொல்லும் தாள். பேக்கிங் லிஸ்ட் என்பது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் தாள். மூன்றிலும் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் இருப்பதால் ஒன்று போலத் தெரிகின்றன. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

ஒரு மெஷினை மூன்று லாட்டாக அனுப்பும்போதுதான் இந்தக் குழப்பம் அதிகம். அதனால் ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறோம்.

கோயம்புத்தூரிலிருந்து விஜயவாடாவுக்கு ஒரு பாக்கெட் போடும் மெஷின் போகிறது என்று வையுங்கள். விலை ₹2,40,000. வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது ₹43,200. மொத்தம் ₹2,83,200. பிரேமும் பாடியும் முதல் லாட், மதிப்பு ₹1,30,000. மோட்டாரும் எலெக்ட்ரிக்கல் பேனலும் இரண்டாவது, ₹70,000. ஹாப்பரும் எடைபோட்டு நிரப்பும் பகுதியும் மூன்றாவது, ₹40,000.

முதல் லாட் கிளம்புவதற்கு முன்பே முழு மெஷினுக்கும் ஒரே பில் போட்டாக வேண்டும். லாட்டுக்கு ஒரு பில்லாக மூன்று பில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தனியாகப் பில் போட்டால் மோட்டார் 8501 என்ற எச்எஸ்என் தலைப்புக்குப் போய்விடும். மெஷினாகப் போனால் முழுவதும் 8422. அதோடு, கடனில் வாங்குபவர்களுக்கு பேங்க் கேட்பது ஒரு மெஷினுக்கான ஒரு பில்லை. துண்டு துண்டாக உதிரிபாக பில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மெஷின் எங்கே என்று கேட்பார்கள்.

அந்த ஒரிஜினல் பில் முதல் பார்சலில் வராது, இரண்டாவதிலும் வராது. கடைசி லாட்டோடுதான் வரும். விதி 55-இன் ஐந்தாம் உட்பிரிவு சொல்வது இது. ஒவ்வொரு லாட்டோடும் வருவது அந்த லாட்டின் சலானும், நாங்கள் கையெழுத்தும் முத்திரையும் வைத்த பில் நகலும். சலானில் பில்லின் எண் குறிப்பிட்டிருக்கும். சட்டப்படி இரண்டாவது லாட்டிலிருந்துதான் சலான் கட்டாயம். நாங்கள் முதல் லாட்டுக்கும் போடுகிறோம், ஏனென்றால் வண்டியில் இருப்பது வெறும் பிரேம், கையில் இருப்பது ₹2,83,200-க்கான பில் நகல் என்றால் செக்கிங்கில் நிறுத்துபவருக்குச் சந்தேகம் வரும். “இந்த வண்டியில் இருப்பது இவ்வளவுதான், மீதி பின்னால் வருகிறது” என்று சொல்லும் தாள் சலான்.

இ-வே பில்லும் லாட்டுக்கு ஒன்று. தளத்தில் `SKD/CKD/Lots` என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, சலான் எண்ணை வைத்துப் போடுகிறோம். மூன்றாவது லாட்டை மட்டும் கவனியுங்கள். ₹40,000-மும் வரி ₹7,200-ம் சேர்ந்து ₹47,200. ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை, இ-வே பில் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அதே பார்சலில்தான் ₹2,83,200-க்கான ஒரிஜினல் பில்லும் பயணிக்கிறது. பாதி ராத்திரியில் வண்டியை நிறுத்துபவர் பில்லைத்தான் முதலில் பார்ப்பார். ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த சரக்குக்கும் விரும்பினால் இ-வே பில் எடுக்கலாம். அதனால் நாங்கள் எடுத்துவிடுகிறோம். ஐந்து நிமிட வேலை.

ஒரிஜினல் ஏன் கடைசியில் வருகிறது என்று எரிச்சலோடு கேட்டவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சரக்கு லாட் லாட்டாக வந்தால், கடைசி லாட் கைக்கு வந்த பிறகுதான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும் என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பில் 24-ஆம் தேதி, மூன்றாவது லாட் உங்களிடம் வந்தது அடுத்த மாதம் 3-ஆம் தேதி என்றால், ₹43,200-ஐ அடுத்த மாதக் கணக்கில்தான் எடுக்க வேண்டும். பில் எங்கள் கணக்கில் முதல் மாதமே ஏறிவிடுவதால் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் முன்பே தெரியும். தெரிகிறதே என்று எடுத்துவிட வேண்டாம். மூன்றாவது சலானின் மேல் சரக்கு வந்த தேதியைப் பேனாவால் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் சலானைக் கொள்முதலாகப் பதிவது. சலானில் மதிப்பு இருக்கும், எச்எஸ்என் இருக்கும், பார்ப்பதற்குப் பில் போலவே இருக்கும். கணக்கு எழுதுபவர் மூன்று சலான்களையும் பதிந்து, பிறகு வந்த பில்லையும் பதிந்தால் ஒரே மெஷின் இரண்டு தடவை வாங்கியதாகிவிடும். பாக்கிப் பட்டியலை ஒப்பிடும்போது எங்கள் கணக்கில் ₹2,83,200-ம் உங்கள் கணக்கில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கும் காட்டினால், காரணம் பெரும்பாலும் இதுதான். பதிய வேண்டியது ஒரு பில் மட்டும்.

இனி பேக்கிங் லிஸ்ட். உள்நாட்டுச் சரக்குக்கு ஜிஎஸ்டியில் இது கட்டாயம் இல்லை, நாங்களாக வைப்பது. இதில் விலை இருக்காது. வேண்டுமென்றே விட்டதுதான். லாரி ஆபீஸில் பெட்டி ஏற்றி இறக்குபவருக்கு உங்கள் மெஷின் விலை தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் 1/3, 2/3, 3/3 என்று எண், உள்ளே இருக்கும் பாகங்கள், நிகர எடை, பேக்கிங்கோடு சேர்ந்த மொத்த எடை, நீளம் அகலம் உயரம் இருக்கும். ஒரு பிரதி பெட்டிமேல் பிளாஸ்டிக் உறையில், இன்னொன்று உள்ளே. மேலே ஒட்டியது கிழிந்துபோவது சகஜம்.

எங்களுக்குப் பிடித்த தாள் இதுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் சாமான் குறைகிறது என்ற புகாரைத் தீர்ப்பது இது ஒன்றுதான். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் எடை போடுங்கள். லிஸ்டில் 86 கிலோ, தராசில் 79 கிலோ என்றால் வழியில் ஏதோ போயிருக்கிறது. டெலிவரி தாளில் எடையையும் “பெட்டி திறந்திருந்தது” என்பதையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். எடை சரியாக இருந்து உள்ளே சாமான் இல்லையென்றால் தவறு எங்கள் பக்கம், பேசாமல் அனுப்பிவைப்போம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வேறு. இந்தச் சலான் உங்கள் ஊர்ச் சுங்கத்துக்குப் புரியாத தாள். உங்களுக்கு வருவது கமர்ஷியல் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும். இன்வாய்ஸில் நாணயம், சரக்கு எந்த நாட்டில் தயாரானது, எச்எஸ் எண், சரக்குக் கூலி யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கும். ஒரே ஏர்வே பில்லில் மூன்று பெட்டி போனால் இன்வாய்ஸ் முதல் பெட்டியின் உறையில் மட்டும் போகும், பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் போகும். மூன்று வெவ்வேறு நாளில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனி இன்வாய்ஸ். சுங்கம் ஒவ்வொரு வரவையும் தனியாகத்தான் பார்க்கிறது, பின்னால் ஒன்று வருகிறது என்று காத்திருக்காது.

இதில் தடுக்கிவிடும் இடம் எண்ணிக்கை. இன்வாய்ஸில் 12 பெல்ட், பேக்கிங் லிஸ்டில் ஒரு பெட்டியில் 10, இன்னொன்றில் 1 என்றால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கான செலவும் நாட்களும் உங்கள் தலையில் விழும். இலவசமாக மாற்றித் தரும் பாகத்துக்கும் விலை பூஜ்யம் என்று எழுதமாட்டோம். உண்மையான மதிப்பைப் போட்டு, ‘இலவச மாற்றுப் பொருள், மதிப்பு சுங்கத்துக்காக மட்டும்’ என்ற பொருளில் குறிப்பு வைப்போம். “பூஜ்யம் என்றே போடுங்கள், வரி மிச்சமாகும்” என்று கேட்பவர்கள் மன்னிக்கவும். பூஜ்யத்தைப் பார்த்ததும் சுங்கம் தானே ஒரு மதிப்பைப் போடும், அது எங்கள் மதிப்பைவிடக் குறைவாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

டிஸ்பேச் பகுதியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போனதால், சென்ற மாதம் சில ஆர்டர்களில் ஒரிஜினல் பில் முதல் லாட்டிலேயே போய்விட்டது. அப்படி வந்திருந்தால் பத்திரமாக வையுங்கள், அதே பில்தான், மறுபடி வராது. இனி ஒவ்வொரு பார்சலின் மேலும் உள்ளே என்னென்ன தாள் இருக்கிறது என்று சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். லாட்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லும் ஆர்டர்களுக்கு 1-ஆம் தேதியிலிருந்து லாட்டுக்கு ₹350 சேரும்.

இத்தனை வருடம் எங்கள் தாள்களைவிட எங்கள் வார்த்தையை நம்பி ஆர்டர் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி மாளாது. அடுத்த பார்சலை வாங்கும்போது டிரைவர் நீட்டும் சலானின் மூலையை ஒருமுறை பாருங்கள். ‘கன்சைனி’ என்று இருந்தால் உங்களுடையது. ‘டிரான்ஸ்போர்ட்டர்’ என்று இருந்தால் அவரிடமே கொடுத்துவிட்டு, உங்களுடையதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்