திகதி போடாத கடிதம் வேண்டாம்: அரிசி ஆலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் கம்பனியாகப் பதிந்து அரிசி ஆலை நடத்தும் முதலாளிமாருக்கும், அவர்களின் கணக்குப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பிலிருந்து உங்கள் பக்கம் கணக்காய்வுக்கு வந்துபோகிறவன் நான். ஒவ்வொரு ஆவணி, புரட்டாசியிலும் ஒரே சண்டை. "சேர், மார்ச் 31 உடன் கணக்கு முடிஞ்சு. ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது அடுத்த வருசக் கணக்கு. அதை ஏன் கிண்டுறீங்க?" என்று கேட்பீர்கள். போன வருடம் நான் பார்த்த ஒரு ஆலையின் கதையைச் சொன்னால் ஏன் கிண்டுகிறோம் என்று விளங்கும். ஆலை எது என்று சொல்லமாட்டேன்.

கணக்கு 2025 மார்ச் 31இல் முடிகிறது. களவேலையை ஆகஸ்ட் 12இல் முடித்தோம். வரிக்கு முந்திய இலாபம் 37 இலட்சம். கம்பனிச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், நிதிக்கூற்றுகள் தயாராக வேண்டும் என்பதால் செப்டம்பர் 18ஆம் திகதி அறிக்கையில் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. முகாமைத்துவ உறுதிமொழிக் கடிதம் ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. "ஆண்டு முடிவுக்குப் பின் கணக்கைப் பாதிக்கும் எதுவும் நிகழவில்லை" என்று அதில் ஒரு வரி. கீழே ஆலை முதலாளி ஹாஜியாரின் கையெழுத்து. திகதி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமை. "நீங்களே போட்டுக்கொள்ளுங்க சேர்" என்றார் கணக்குப்பிள்ளை.

களவேலையின்போது எங்களுக்குக் கிடைத்தது ஏப்ரல் மாத வங்கிக் கூற்று மட்டும்தான். மே மாதத்தது "இன்னும் வரல்ல". செப்டம்பர் 16இல் திரும்பப் போய் மேசையிலேயே இருந்து மே முதல் ஓகஸ்ட் வரைக்குமான கூற்றுகளை எடுப்பித்தேன். மே கடைசியில் 14 இலட்சம் வரவு, அடுத்த வரியிலேயே அதே 14 இலட்சம் பற்று, அதன் கீழே செக் ரிட்டர்னுக்கு வங்கி பிடித்த சிறு கட்டணம். இலாச்சிக்குள் இருந்த திரும்பிய காசோலைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஜூனில் இன்னொன்றும் திரும்பியிருந்தது.

விசயம் இதுதான். கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர் மார்ச் 31இல் 42 இலட்சம் கடன். அதற்குப் பின்திகதியிட்ட மூன்று காசோலைகள், ஒவ்வொன்றும் 14 இலட்சம். ஏப்ரல் 22இன் காசோலை மாறியது. மே 22 திரும்பியது. ஜூன் 24க்கு அவருடைய கணக்கே மூடப்பட்டிருந்தது. ஜூலையில் நேரில் போய் நின்றதில் 5 இலட்சம் கைக்கு வந்தது. மீதி 23 இலட்சம் வரும் என்று ஹாஜியாரே நம்பவில்லை. (இந்த மூன்று காசோலையையும் மார்ச் 31இல் வங்கி மீதியோடு கூட்டி எழுதியிருந்தார்கள். திகதி வராத காசோலை காசு அல்ல, கடன்பட்டோர்தான். அது தனிச் சண்டை.)

திரும்பியது மே மாதத்தில். அப்படியானால் அடுத்த வருட நட்டமா? இலங்கைக் கணக்கீட்டு நியமம் 10 கேட்பது, நட்டம் எப்போது வெளியே தெரிந்தது என்பதை அல்ல, அந்த நட்டத்துக்குக் காரணமான நிலைமை மார்ச் 31இல் இருந்ததா என்பதை. பழைய கணக்கைப் புரட்டினோம். அந்த வியாபாரி தை மாதத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தார். முந்தைய காசோலை ஒன்றை மாற்ற வேண்டாம் என்று இரண்டு தடவை போன் எடுத்திருக்கிறார். அதனால்தான் புதுக் காசோலைகளே வந்தன. ஆள் மார்ச்சிலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார், மே மாதக் காசோலை அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். இதைச் செம்மையாக்க வேண்டிய நிகழ்வு என்போம். 23 இலட்சத்தையும் 2025 மார்ச் கணக்கிலேயே நட்டமாக எழுத வேண்டும்.

இதே வியாபாரி மார்ச் வரை ஒழுங்காகக் கொடுத்து வந்து, மே மாதத்தில் அவருடைய கடை தீப்பிடித்து, அதனால் காசோலை திரும்பியிருந்தால் என் பதில் வேறு. மார்ச் 31இல் அந்தக் கடன் நல்ல கடன். தொகை பெரிதானால் குறிப்பில் எழுதுவோம், எண்ணில் கை வைக்கமாட்டோம். காசோலையும் தொகையும் ஒன்றுதான், காரணம்தான் வேறு. அதனால்தான் "ஏன் திரும்பியது?" என்று அத்தனை தடவை கேட்கிறோம். நச்சரிப்பு என்று நினைக்க வேண்டாம்.

ஹாஜியாருக்குக் கோபம். "அப்ப ஜூனில என்ட களஞ்சியம் எரிஞ்சதே, 18 இலட்சம், அதையும் இந்தக் கணக்கில போடுங்க, வரியாவது குறையும்" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜூன் 14 இரவு மின்கோளாறில் எரிந்த களஞ்சியம் மார்ச் 31இல் முழுசாக நின்றது. அது செம்மையாக்கத் தேவையில்லாத நிகழ்வு. என்ன நடந்தது, உத்தேச நட்டம் எவ்வளவு, காப்புறுதி உண்டா என்று ஒரு குறிப்பு. அவ்வளவே. தீயில் ஆலையே போய், தொழிலைத் தொடர முடியாத நிலை வந்திருந்தால் மட்டும் கதை மாறும். அப்போது முழுக் கணக்கையும் எந்த அடிப்படையில் தயாரிப்பது என்பதே கேள்வியாகிவிடும்.

அன்றைக்கே இன்னொன்றும் அகப்பட்டது. ஏப்ரல் 4இல் பதிந்த நெல் கொள்வனவு ஒன்று, 7,000 கிலோ, கிலோ 120 ரூபா, ஆக 8 இலட்சத்து 40 ஆயிரம். தராசுச் சீட்டு மார்ச் 29 என்கிறது. மூட்டைகள் மார்ச் 31 இருப்பு எண்ணிக்கையில் இருக்கின்றன, விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் புத்தகத்தில் இல்லை. இதைப் பின்நிகழ்வு என்றே சொல்ல முடியாது, மார்ச் மாதத்து விடுபாடு. பிந்திக் கண்டுபிடித்தோம், அவ்வளவுதான். அதையும் திருத்தினோம். 37 இலட்ச இலாபம் 5 இலட்சத்து 60 ஆயிரமாக நின்றது.

அந்த 37 இலட்சத்தைக் காட்டித்தான் வங்கியில் புது உலர்த்திக்குக் கடன் கேட்பதாக இருந்தார்கள்.

ஆகவே முதலாளிமாரே, கணக்குப்பிள்ளைமாரே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கணக்காய்வு நியமம் 560இன்படி எங்கள் பொறுப்பு அறிக்கையில் கையெழுத்து வைக்கும் நாள் வரைக்கும் நீள்கிறது, களவேலை முடிந்த நாளோடு நின்றுவிடுவதில்லை. ஏப்ரலிலிருந்து அந்த நாள் வரைக்குமான வங்கிக் கூற்றுகளையும், திரும்பிய காசோலைகளை வங்கிச் சீட்டோடும், பணிப்பாளர் கூட்ட அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். ஏப்ரல் முதல் இரண்டு வாரத் தராசுச் சீட்டுப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். மார்ச் இருப்பு அரிசியை ஏப்ரலில் அடக்கவிலைக்குக் குறைத்து விற்றிருந்தால் அந்த பில்களையும் தாருங்கள். இருப்பின் பெறுமதி அதில்தான் தெரியும்.

உறுதிமொழிக் கடிதத்தை அறிக்கை கையெழுத்தாகும் நாளிலேயே, இல்லாவிட்டால் அதற்கு ஓரிரு நாள் முன்னால் எழுதுங்கள். நடந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். நாங்கள் திகதி போடமாட்டோம். ஓகஸ்டில் கையெழுத்திட்ட தாளில் செப்டம்பர் திகதியை நான் எழுதினால், அந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி ஹாஜியார் சொல்லாத ஒன்றை அவர் வாயில் நான் வைத்ததாகிவிடும்.

இந்த வருடம் திகதியில்லாமல் வரும் கடிதத்தைக் கொண்டுவந்த பொடியனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். போக்குவரத்துச் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு கணக்காய்வாளர்