அந்த 25 சதவீதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் நீ அனுப்பிய பாலிசி நகலும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. நீ வாங்க நினைக்கும் பழைய கார் விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லைதானே? இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை கொடுக்காதே.

'ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை' என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். ஆனால் அவர் தந்த நகலிலேயே என்.சி.பி., அதாவது கிளெய்ம் போடாததற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் கழிவு, 25 சதவீதம் என்று இருக்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் அடுத்த பாலிசியில் 20, இரண்டு வருடம் போனால் 25, பிறகு 35, 45, 50 என்று ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரு கிளெய்ம் வாங்கினாலும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம்தான். வண்டி 2019 ஜூனில் புதிதாக வாங்கியது. அப்படியானால் 2024 ஜூனில் தொடங்கும் பாலிசியில் 50 வந்திருக்க வேண்டும். வந்திருப்பது 25. பின்னோக்கி எண்ணிப் பார்: 2023இல் 20, 2022இல் பூஜ்யம். 2021 ஜூனுக்கும் 2022 ஜூனுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

அது விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் கிடந்தாலும் என்.சி.பி. போய்விடும். நடுவில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தாலும் கணக்கு அறுந்திருக்கலாம். என்.சி.பி. வண்டிக்குச் சேர்ந்ததல்ல, உரிமையாளருக்குச் சேர்ந்தது. அதனால் கை மாறியிருந்தாலும் முதலிலிருந்து எண்ணுவார்கள். ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்று பார். முதல் உரிமையாளரே என்றால், 2021 முதல் எல்லாப் பாலிசிகளையும் தேதி வரிசையில் கேள். இடைவெளி இல்லை, மூன்றாம் நபர் பாலிசியும் இல்லை என்றால் மிஞ்சுவது கிளெய்ம்தான்.

நீ அனுப்பியது ஒரே பக்கம், அதுவும் போட்டோ. 'அசல் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் இதுதான்' என்பதை ஏற்காதே. பாலிசிதாரர் கேட்டால் கம்பெனி முழுப் பிரதியையும் மறுபடி தரும். நீ பக்கத்தில் இருக்கும்போதே அவர் கம்பெனியின் செயலியில் தன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு பி.டி.எஃப். இறக்கட்டும். கைக்கு வந்ததும் கூட்டலைச் சரிபார். பி.டி.எஃபில் சதவீத எண்ணை மாற்றுகிறவன் தொகையை மாற்ற மறந்துவிடுவான். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று இருந்து, கழிவு 1,600 என்று இருந்தால் அது 20 சதவீதம்; மேலே 50 என்று அச்சாகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கூடுதல் பாதுகாப்புப் பட்டியலில் 'என்.சி.பி. ப்ரொடெக்ட்' இருக்கிறதா என்றும் பார். அது இருந்தால் கிளெய்ம் வாங்கிய பின்பும் சதவீதம் குறையாமல் நிற்கலாம். அப்போது 50ஐப் பார்த்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

கிளெய்ம் விவரத்தைக் கம்பெனி உன்னிடம் சொல்லாது. அவர் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, பாலிசி எண், சேஸிஸ் எண் குறிப்பிட்டு, வண்டியின் கிளெய்ம் வரலாற்றை அவரே கேட்க வேண்டும். பதில் வரும்போது உனக்கும் அனுப்பச் சொல். தயங்கினால் அதுவே ஒரு பதில். கிளெய்ம் இருந்தது என்று தெரிந்தால் சர்வேயர் ரிப்போர்ட்டையும் பழுது பில்லையும் கேள். பம்பரும் ஹெட்லைட்டும் மாற்றியது ஒன்று. பில்லில் ஏர்பேக், சீட் பெல்ட், ரேடியேட்டர் சப்போர்ட், பில்லர் என்று வந்தால் அடி ஆழம். அந்த வண்டியை விடு என்றுதான் சொல்வேன்.

இன்சூரன்ஸ் பக்கம் போகாமல் கைக்காசு போட்டுச் சரிசெய்தது எந்தக் காகிதத்திலும் வராது. அதற்குப் பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒன்றை வாங்கிப் போ. கதவு, ஃபெண்டர், போனட், கூரை என ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடத்தில் வை. கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். 250, 300 என்றால் மறுபடி அடித்தது. 600ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. தனி எண்ணைவிட, இடது கதவு 120, வலது கதவு 480 என்ற வித்தியாசம்தான் பேசும். பிளாஸ்டிக் பம்பரில் மீட்டர் வேலை செய்யாது. அதனால் போனட் கீலும் ஃபெண்டரும் பொருந்தும் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார். கடைசியாக இக்னிஷனைப் போடும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றி வைத்திருக்கலாம்.

2021, 2022 பாலிசிகள் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. தேதிகளை நானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி