தமிழ் யூடியூப் சேனல் நடத்துவோருக்கு: எடிட்டிங் பேக்கேஜும் திருத்தச் சுற்றுகளும் குறித்து ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சமையல், பயணம், நூல் அறிமுகம், விவசாயம் என ஏதேனும் ஒரு துறையில் தமிழில் சேனல் நடத்தும் உங்களில் பெரும்பாலோர், எடிட்டரைத் தொடர்புகொண்டதும் முதலில் கேட்பது "நிமிடத்துக்கு எவ்வளவு?" என்பதைத்தான். எடிட்டர்களும் அதே அளவுகோலில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு எழும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். எனவே கட்டணத்தை எந்த அடிப்படையில் கணக்கிட வேண்டும், திருத்தங்களுக்கு எங்கே எல்லை வகுக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு உங்கள் முன் வைக்கிறேன்.

முடிந்த வீடியோவின் நீளத்தை வைத்துக் கூலி பேசினால், எடிட்டர் எவ்வளவு குறைவாக வெட்டுகிறாரோ அவ்வளவு அதிகமாகச் சம்பாதிப்பார். 12 நிமிடம் ஓடும் வீடியோவை உட்கார்ந்து செதுக்கி 8 நிமிடமாக்கினால், வேலை கூடுகிறது. கூலியோ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பார்வையாளர் பாதியில் விலகிப் போகிறாரே என்று நீங்கள் கவலைப்படும் அதே வேளையில், இழுவையை விட்டுவைப்பதற்கே நீங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேலையின் அளவைத் தீர்மானிப்பவை எடுத்து அனுப்பும் ஃபுட்டேஜின் நீளம், கேமராக்களின் எண்ணிக்கை, திரையில் வரவேண்டிய எழுத்துகள், திருத்தங்களின் எண்ணிக்கை ஆகியவைதாம்.

ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒரு கேமரா, அடுப்புக்கு மேலே ஒரு செல்போன், சட்டையில் ஒரு காலர் மைக். படப்பிடிப்பு 70 நிமிடம் ஓடுகிறது. முடிவில் வேண்டியது ஏறத்தாழ 10 நிமிட வீடியோ. கோப்புகளை இறக்கி, இரண்டு கேமராக்களையும் மைக் ஒலியோடு பொருத்த ஒரு மணி நேரம் ஆகும். செல்போன் பெரும்பாலும் சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்வதில்லை. தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய உதட்டசைவு அரை மணி நேரம் கழித்து ஒலியை விட்டு விலகியிருக்கும். அதைச் சீரான வேகத்துக்கு மாற்றிய பின்னரே வேலையைத் தொடங்க முடியும். முழுவதையும் பார்த்துக் குறித்துக்கொள்ள இரண்டு மணி நேரமும், ரஃப் கட் எனப்படும் முதல் வடிவத்துக்கு நான்கு மணி நேரமும் போகும். அடுத்து நிறத்துக்கும் ஒலிக்கும் ஒன்றரை மணி நேரம். பொருள்களின் பெயர், அளவு ஆகிய எழுத்துகளுக்கும் பின்னணி இசைக்கும் ஒன்றரை மணி நேரம். எக்ஸ்போர்ட் செய்து தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை பார்க்க ஒரு மணி நேரம். ஆக மொத்தம் 11 மணி நேரம்.

மணிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீடியோவுக்கு 3,300 ரூபாய். (இது கணக்கைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட தொகை, ஊருக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாறும்.) மாதம் நான்கு வீடியோக்கள் என்றால் 44 மணி நேரம். ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு திருத்தச் சுற்றுகள், சுற்றுக்கு முக்கால் மணி நேரம் என்று சேர்த்தால் மேலும் 6 மணி நேரம். மொத்தம் 50 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். இதுவே மாத பேக்கேஜ். திருத்தங்களுக்கான விலை இதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எடிட்டர் அவற்றை இனாமாகச் செய்து தருவதில்லை.

எல்லை வகுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இரண்டு சுற்றுகளுக்குப் பதிலாக ஒவ்வொரு வீடியோவும் ஆறு சுற்று போகிறது என்று கொள்வோம். கூடுதலாக 12 மணி நேரம் சேர்ந்து மொத்தம் 62 ஆகிறது. அதே 15,000 ரூபாயில் மணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 242 ரூபாய். அந்த இழப்பை எடிட்டர் எங்கோ ஈடுகட்டத்தான் செய்வார். உங்கள் ஃபுட்டேஜை முழுவதும் பார்க்காமல் ஓட்டிப் பார்ப்பார். நல்ல ஒரு கணம் கண்ணில் படாமலே போய்விடும். "அன்லிமிடெட் ரிவிஷன்" என்று விளம்பரம் செய்யும் எங்கள் தொழில்காரர்களை நான் ஏற்பதில்லை. அந்த வாக்குறுதியின் விலையைத் தொகைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். இல்லையேல் மூன்றாவது சுற்றிலிருந்து தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

இரண்டு சுற்றுகள் போதுமா என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருந்தால் போதும். முதல் சுற்று ரஃப் கட்டின் மீது நடக்க வேண்டும். அந்த நிலையில் நிறம், இசை, எழுத்து எதுவும் இருக்காது. பார்ப்பதற்குக் கரடுமுரடாகவே இருக்கும். அப்போது நீங்கள் தீர்மானிக்க வேண்டியவை எது இருக்க வேண்டும், எது போக வேண்டும், எது முன்னே வர வேண்டும் என்பவை மட்டுமே. அவற்றுக்கு ஒப்புதல் தந்த பின் வெட்டுகள் பூட்டப்படுகின்றன. இரண்டாம் சுற்று முடிந்த வடிவத்தின் மீது நடக்கும். எழுத்து, நிறம், இசையின் அளவு, ஒலியின் ஏற்ற இறக்கம் ஆகியவை அதில் அடங்கும்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதைக் காட்டுகிறேன். முடிந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "மூன்றாவது நிமிடத்தில் தேங்காய் அரைக்கும் 40 விநாடியைத் தூக்கிவிடுங்கள்" என்கிறீர்கள். ரஃப் கட்டில் அது இரண்டு நிமிட வேலை. முடிந்த டைம்லைனிலோ, அந்த 40 விநாடிக்கு அடியில் ஓடும் இசை நடுவில் அறுந்து துள்ளுகிறது. அடுத்த காட்சி வருவதற்கு முன்பே தொடங்கும்படி வைத்த உங்கள் பேச்சின் முதல் சொல் போய்விடுகிறது. "தேங்காய் விழுது, அரை கப்" என்ற எழுத்துக்கு நிற்க இடமில்லை. சப்டைட்டில் கோப்பிலும், விளக்கப் பகுதியில் கொடுத்த நேரக் குறிப்புகளிலும் அதற்குப் பின் வருபவை அனைத்தும் 40 விநாடி தள்ளிப்போகின்றன. இவற்றைச் சரிசெய்து, மீண்டும் எக்ஸ்போர்ட் செய்து, மீண்டும் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். எனவே பூட்டிய பின் வெட்டை மாற்றுவதைத் திருத்தச் சுற்றாகக் கருதாமல் தனி வேலையாகக் கருதி, இங்கே 600 ரூபாய் என்று பேக்கேஜிலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

எடிட்டரின் பிழையைச் சுற்றுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இதில் நான் உங்கள் பக்கம். நீங்கள் எழுதிக் கொடுத்த "மல்லித்தூள்" திரையில் "மல்லிதூள்" என்று வந்தால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாததால் புரியாத குறிகளாகத் தெரிந்தால், ஒலி ஒரு காதில் மட்டும் கேட்டால், அவை எத்தனை முறை நேர்ந்தாலும் இலவசமாகச் சரிசெய்யப்பட வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியே தராமல் வாயால் சொன்ன ஊர்ப் பெயரை அவர் கேட்டபடி எழுதியிருந்தால், அதை அவர் பிழை என்று சொல்ல முடியாது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், அளவுகள் ஆகியவற்றை ஃபுட்டேஜோடு தட்டச்சு செய்த பட்டியலாக அனுப்பிவிட்டால் இந்த வழக்கே எழாது.

சுற்று என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு மூன்று வாய்ஸ் நோட், சனிக்கிழமை காலை உங்கள் மைத்துனரின் கருத்து, மாலையில் "இன்னொன்று மறந்துவிட்டேன்" என ஒரு செய்தி: இவை ஒரு சுற்றா, ஐந்து சுற்றா? என் விதி இது. வீடியோ கைக்கு வந்த மூன்று நாள்களுக்குள், ஒரே நபர், ஒரே செய்தியில், நேரக் குறிப்போடு அனுப்பும் பட்டியல் ஒரு சுற்று. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் காட்டுவது உங்கள் உரிமை. அவர்கள் சொன்னவற்றில் எதை ஏற்பது என்று தீர்மானித்த பிறகு எழுதுங்கள். "நடுவில் கொஞ்சம் இழுக்கிறது" என்று எழுதினால் எடிட்டர் ஊகித்துத்தான் வெட்ட வேண்டும். ஊகம் தவறினால் உங்கள் சுற்று வீணாகும். "04:12 முதல் 04:30 வரை கிண்டுவது நீளம், பாதியாக்கவும்" என்பதில் ஊகிக்க ஏதுமில்லை.

ஃபுட்டேஜுக்கும் எல்லை வேண்டும். மேற்சொன்ன பேக்கேஜில் ஒரு வீடியோவுக்குப் படப்பிடிப்பு நேரம் 90 நிமிடம் வரை என்று வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரக் கூலி, அதாவது 300 ரூபாய் என்று சேர்க்கலாம். கேமராவை நிறுத்த மறந்து வெங்காயம் வதங்கும் வரை ஓடவிட்டதையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கத்தானே வேண்டும்?

சில குறைகளை எத்தனை சுற்று போனாலும் தீர்க்க முடியாது. மைக்கை அணைத்துவிட்டுப் பேசியது, குவியம் விலகிய காட்சி, எடுக்கவே மறந்த கடைசிப் பரிமாறல் ஆகியவற்றை ரஃப் கட் அனுப்பும்போதே எடிட்டர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுபடியும் எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதை நீங்கள் அப்போதே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டு வைத்த திரைப்பாடலுக்கு உரிமைக் கோரிக்கை வந்து இசையை மாற்ற நேர்ந்தால் அது கட்டண வேலை. எடிட்டர் தாமாகத் தேர்ந்த இசைக்கு வந்தால் அது அவர் பொறுப்பு.

இறுதி ஒப்புதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவேற்றிய வீடியோவை அதே இணைப்பில் வேறு கோப்பால் மாற்ற யூடியூபில் வழியில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கலாம், மங்கலாக்கலாம்; தவறான எழுத்தைத் திருத்த முடியாது. புதிதாக ஏற்றினால் அதுவரை சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் பழைய இணைப்போடு நின்றுவிடும். ஆகவே "சரி" என்று அனுப்புவதற்கு முன் செல்போனில், காதொலிப்பானோடு, முழு வீடியோவையும் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பின் வரும் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம்.

தீபாவளிப் பலகாரங்களுக்கான வேலை நெருங்கும்போது எல்லாச் சேனல்களும் ஒரே வாரத்தில் கதவைத் தட்டுகின்றன. விதிகளைப் பேச அப்போது எவருக்கும் பொழுதிருக்காது. அதற்கு முன்பே ஃபுட்டேஜ் எல்லை, சுற்றுகளின் எண்ணிக்கையும் வரையறையும், பூட்டிய பின் மாற்றத்துக்கான தொகை, பாதித் தொகை முன்பணம், மூலக் கோப்புகளை எடிட்டர் எத்தனை நாள் வைத்திருப்பார் என்பது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வாட்ஸ்ஆப்பிலேயே "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதிலிட்டுக்கொள்ளுங்கள். எடிட்டரைப் புதிதாக அமர்த்துகிறீர்கள் என்றால், மாத பேக்கேஜுக்குள் போவதற்கு முன் ஒரு வீடியோவை மட்டும் தனிக் கட்டணத்தில் இதே விதிகளோடு செய்து பாருங்கள். அதில் உங்கள் படப்பிடிப்பு 90 நிமிடத்தைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், எல்லையை உயர்த்தி, தொகையையும் அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தமிழ்ச் சேனல்களுக்கு எடிட்டிங் செய்யும் ஒருவர்