கடலை மிட்டாய் விற்பவர்களுக்கு: புரதத்தைப் பெரிதாக்காதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள்

பள்ளி விளையாட்டு வீரர்களின் பெற்றோரை நம்பிக் கடலை மிட்டாய் பார் போடும் தயாரிப்பாளர்களுக்கும், அந்தப் பொட்டலத்துக்கு வாசகம் எழுதித் தருவோருக்கும்,

வணக்கம். உணவுப் பொட்டலங்களுக்கு வாசகமும் லேபிளும் எழுதும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். கடைகளிலும் இணையத்திலும் இப்போது வரும் கடலை மிட்டாய் விளம்பரங்களில் ஒரே வகைச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ‘புரதம் நிறைந்தது’, ‘இரும்புச்சத்தின் சுரங்கம்’, ‘உடனடி ஆற்றல்’, ‘சர்க்கரை இல்லை, வெல்லம் மட்டுமே’. கடலை மிட்டாய் நல்ல பண்டம். அதை விற்க இந்தச் சொற்கள் தேவையில்லை என்பதோடு, இவற்றில் சில பெற்றோரைத் தவறான முடிவுக்கும் கொண்டுபோகின்றன. அதனால்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் துண்டில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு கிலோ, வெல்லம் 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாகு காய்ச்சும்போது போகும் ஈரமும் வடிகட்டும்போது போகும் கசடும் கழிந்தால் சுமார் 1,650 கிராம் மிட்டாய் கிடைக்கும். 30 கிராம் துண்டுகளாக வெட்டினால் 55 துண்டுகள். ஒவ்வொன்றிலும் கடலை 18 கிராம், வெல்லம் 12 கிராம். வறுகடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம், 47 பங்கு கொழுப்பு என்று எடுத்தால், ஒரு துண்டில் புரதம் நாலு கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு எட்டரை கிராம், சர்க்கரை பத்து பதினோரு கிராம், மொத்தம் சுமார் 150 கலோரி. லேபிளில் அச்சிட ஆய்வக அறிக்கைதான் வேண்டும். ஆனாலும் இந்தக் கணக்கு கையில் இருந்தால், அறிக்கையில் வந்த எண் பொருந்துகிறதா என்று உங்களால் பார்க்க முடியும்.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். வேறொருவர் பொட்டலத்தின் சத்துப் பட்டியலை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவருடைய கலவை வேறு. கடலையும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டால் அதே 30 கிராமில் புரதம் மூன்றே முக்கால் கிராமாக இறங்கிவிடும், சர்க்கரை 13 கிராமைத் தாண்டிவிடும். இன்னொரு தவறு கத்தியில் இருக்கிறது. கையால் வெட்டும்போது ஒரு துண்டு 26 கிராமும் அடுத்தது 34 கிராமுமாக விழும். ஒவ்வொரு தட்டிலும் பத்துத் துண்டை எடுத்து எடைபோட்டுப் பார்க்காமல் ‘ஒரு துண்டில் இவ்வளவு’ என்று அச்சிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

இனி ‘புரதம் நிறைந்தது’ என்ற சொல். இந்தச் சொல்லைப் போட விதியே இடம் தரக்கூடும் என்பதால்தான் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளில், திட உணவு 100 கிராமில் அன்றாடத் தேவையின் ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருந்தாலே அந்தச் சொல்லுக்கு வழி உண்டு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் என்ற கணக்கில் பதினோரு கிராம் போதும்; மேற்சொன்ன கலவையில் 100 கிராமுக்குப் பதினைந்து கிராம் வரும். ஆனால் பிள்ளை 100 கிராம் சாப்பிடப்போவதில்லை. சாப்பிடுவது ஒரு துண்டு, அதில் இருப்பது நாலு கிராம். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 45 கிராம், பெண் பிள்ளைக்கு 43. பத்தில் ஒரு பங்கு அளவே வரும் ஒன்றை ‘நிறைந்தது’ என்று அட்டையின் முகப்பில் போட்டால், அதைப் படிக்கும் தாய் இன்றைக்கு முட்டையோ பருப்போ இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்க வாய்ப்புண்டு. எங்கள் கருத்தில், விதி அனுமதித்தாலும் இதைப் போடக் கூடாது. ‘ஒரு துண்டில் 4 கிராம் புரதம்’ என்று எழுதுங்கள். அந்த எண்ணே போதும்.

இரும்புச்சத்தும் இதே கதைதான். மேற்சொன்ன துண்டில் ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும்; வெல்லத்துக்கு வெல்லம் அது மாறும். 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும். சோர்வாக இருக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய நேரத்தில், மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. இந்தச் சொல்லை அறவே விட்டுவிடுங்கள்.

வெல்லம் சர்க்கரைதான். பெரும்பகுதி சுக்ரோஸ், கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற வாசகம் வெல்லம் போட்ட எந்தப் பண்டத்துக்கும் பொருந்தாது. லேபிள் விதி ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரைக்கு 50 கிராமை அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரு துண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மிட்டாய் பிசுபிசுக்காமல் இருக்கத் திரவ குளுக்கோஸ் சேர்ப்பவர்கள் அதையும் சேர்மானப் பட்டியலில் எழுத வேண்டும், ‘வெல்லம் மட்டுமே’ என்று முகப்பில் போடக் கூடாது.

அப்படியானால் விளம்பரத்தில் வேகம் எங்கிருந்து வரும்? பிள்ளையின் மாலை நேரத்திலிருந்து வரும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு முடிந்திருக்கும். பள்ளி விடுவது நாலு மணி வாக்கில். மைதானம் ஐந்தரைக்கு. அந்த இடைவெளியில் பசி வரும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரம் இருக்காது, சாப்பிட்டுவிட்டு ஓடவும் முடியாது. கடலை மிட்டாய்க்கு உரிய இடம் இதுதான். பையில் நசுங்காது, குளிர்பெட்டி வேண்டாம், கை அழுக்காகாது.

நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். வெல்லத்தின் சர்க்கரை சீக்கிரம் செரிக்கும். கடலையின் கொழுப்பு வயிற்றைவிட்டு இறங்க நேரம் பிடிக்கும், கூடவே சர்க்கரையையும் தாமதப்படுத்தும். அதனால் ‘உடனடி ஆற்றல்’ சரியான விவரிப்பு இல்லை. பயிற்சிக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் முன்பு சாப்பிட்டால் நன்று. நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு சாப்பிட்டால் வயிறு கனக்கும். வாய் வறண்டிருக்கும்போது மெல்லவும் கஷ்டம். காலையில் தகுதிச் சுற்று, பிற்பகலில் இறுதிச் சுற்று என்றால் இடையில் ஒரு துண்டு சரியாக இருக்கும். இரண்டு சுற்றுக்கும் இடையே அரை மணிதான் என்றால் வாழைப்பழம் மேல். இதை உங்கள் பொட்டலத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் உங்களை நம்புவது இந்த வரியால்தான்.

ஆற்றலை எண்ணில் சொல்ல விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும் என்பது பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான கணக்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150 கலோரி என்பது மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஓட்டத்தின் அளவு. ‘இதைச் சாப்பிட்டால் மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஓடலாம்’ என்று எழுதினால் அது பொய், ‘மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஓட்டத்தில் செலவாகும் அளவு’ என்று எழுதினால் உண்மை.

வியர்வையில் போகும் உப்பை இது ஈடுகட்டும் என்றும் எழுதாதீர்கள். உப்புப் போடாத கடலை மிட்டாயில் சோடியம் மிகக் குறைவு. தண்ணீரைத் தனியாகக் குடிக்கத்தான் வேண்டும்.

இவ்வளவையும் வைத்து ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தை எழுதினால் இப்படி வரும்:

“மணி அடித்தாச்சு. ஐந்தரைக்கு மைதானம். நடுவில் ஒரு துண்டு, ஒரு டம்ளர் தண்ணீர்.

வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும். வேறெதுவும் இல்லை.

30 கிராம் துண்டு ஒன்றில்: 150 கலோரி, 4 கிராம் புரதம், 10 கிராம் சர்க்கரை. சர்க்கரையில் பெரும்பகுதி வெல்லத்திலிருந்து வருவது.

பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கொடுங்கள். பயிற்சி முடிந்து கொடுப்பதானால் ஒரு டம்ளர் பாலோடு. ஒரு நாளைக்கு ஒன்று போதும். இரவுச் சாப்பாட்டுக்கு இது மாற்று அல்ல.

வேர்க்கடலை உள்ளது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குக் கூடாது. கூட்டாளிக்குப் பிட்டுக் கொடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள்.”

பால் அங்கே வருவதற்குக் காரணம், பயிற்சிக்குப் பின் நாலு கிராம் புரதம் போதாது. 200 மில்லி பால் இன்னும் ஆறேழு கிராம் தரும். ‘ஒன்று போதும்’ என்பது விற்பனையைக் குறைக்கும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இரண்டு துண்டென்றால் 20 கிராம் சர்க்கரை; இரண்டாவதைப் பெற்றோரே தேவை பார்த்துக் கொடுக்கட்டும், நாம் தூண்ட வேண்டாம். ஒவ்வாமை வரியைச் சிறிய எழுத்தில் மடிப்புக்குள் தள்ளாதீர்கள். மைதானத்தில் தின்பண்டம் கைமாறும். வேர்க்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டிலுள்ள நான்கு வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

விளம்பரத்தை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பள்ளி உணவு குறித்த 2020-ஆம் ஆண்டு விதிகள், நிறைவுற்ற கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக உள்ள பண்டத்தை வைத்துக்கொண்டு அந்த எல்லையில் நின்று வாதாடுவதைவிட, பெற்றோரிடம் நேரே பேசுவது நல்லது. ஊர்ப் பெயரிலும் எச்சரிக்கை: ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அங்கே செய்யாத சரக்குக்கு அந்தப் பெயரைப் போட உங்களுக்கு உரிமை இல்லை.

கடைசியாக ‘மொறுமொறு’ என்ற சொல். அதைக் காப்பாற்றுவது பாகின் பதம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் பதம் போதவில்லை, அந்தத் தட்டு பல்லில் ஒட்டும். பதம் சரியாக இருந்தாலும் உறையின் ஒட்டு இளகியிருந்தால் வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். வெயிலில் கிடந்த விளையாட்டுப் பையில் கடலை எண்ணெய் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். தொழிற்கூடத்தில் கடித்துப் பார்த்து மட்டும் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். பத்துப் பொட்டலத்தைப் பையில் போட்டு வெயிலும் ஈரமும் படும் இடத்தில் வைத்து, வாரத்துக்கு இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எந்த வாரத்தில் ஒட்டத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய வாரத்தையே ‘இதற்குள் சாப்பிடவும்’ தேதியாக, பெற்றோர் கண்ணில் படும் அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பொட்டல வாசகம் எழுதும் உங்கள் தொழில் நண்பர்கள்