தேன் யாருக்கு, யாருக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் பிறந்தால் கடலூர்ப் பக்கம் இருமலுக்கு வெந்நீரில் தேனும் எலுமிச்சையும்தான் முதல் வைத்தியம். தவறில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன், ஆறு வயதுக்கு மேல் ஒரு டீஸ்பூன் தேன் கொடுத்தால் சளியால் வரும் இரவு இருமல் சற்றுக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை செய்வது தேன். எலுமிச்சை பெரும்பாலும் ருசிக்குத்தான்.

ஆனால் பச்சைக்குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பதும், உரைமருந்தைத் தேனில் குழைப்பதும் இன்னும் நிற்கவில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயதுக்குள் குடல் முதிராததால் அங்கே முளைத்து நஞ்சு சுரக்கும், தசைகள் தளரும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. மலைத்தேன், சுத்தத் தேன் என்ற பேச்சும் இங்கே எடுபடாது.

இந்த நஞ்சின் பாதிப்பு பெரும்பாலும் மலச்சிக்கலில்தான் தொடங்கும். பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை ஈனமாகும், இமை தொங்கும், தலை நிற்காது. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, அதில்தான் ஏமாந்துவிடுகிறார்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தேன் கொடுத்திருந்தால், பாட்டி கோபித்துக்கொண்டாலும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

– குழந்தைநலச் செவிலியர்கள், மஞ்சக்குப்பம், கடலூர்