அயர்ன் பாக்ஸில் ஒட்டிய ஜெர்சி

தம்பி,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அயர்ன் பாக்ஸ் அடியில் ஒட்டியதைக் கத்தியால் சுரண்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் ராசா, கத்தி, பிளேடு, பாத்திரம் விளக்கும் கம்பி நார் எதையும் அதன் பக்கத்தில் கொண்டு போகாதே. உன் பெட்டியின் அடித்தட்டு மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அது நான்ஸ்டிக் பூச்சு. நம் தோசைக்கல் பூச்சில் கரண்டி கீறினால் அந்த இடத்தில் மாவு எப்படிப் பிடித்துக்கொள்ளுமோ, அதே கதைதான் இங்கேயும். ஒரு கீறல் விழுந்தால் அடுத்த தடவை துணி ஒட்டுவது அந்தக் கீறலில்தான் ஆரம்பிக்கும். தையல் மிஷின் பக்கத்தில் நான் வைத்திருக்கிற கனமான பழைய பெட்டிக்குப் பூச்சு கிடையாது, வெறும் பளபளத் தட்டு, அதற்குப் பேப்பரில் தூள் உப்பைத் தூவி மேலே தேய்ப்பேன். அதைப் பார்த்து நீயும் உப்பை எடுத்துவிடாதே, உன்னுடையதற்கு அது ஆகாது.

போட்டோவில் இரண்டு அழுக்கு தெரிகிறது. மூக்குப் பக்கம் கறுப்பாக, மினுமினுப்பாகக் கட்டி மாதிரி இருக்கிறதே, அது உன் கபடி ஜெர்சியின் முதுகு நம்பர். அந்த நம்பர் துணியே இல்லை, சூட்டில் அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக் ஏடு, எந்தச் சூட்டில் ஒட்டினார்களோ ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே திரும்ப இளகிவிடும். ஜெர்சித் துணி பாலியஸ்டர், அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் அதற்கு முன்னாலேயே இளகி ஒட்ட ஆரம்பிக்கும். காட்டன் குறியில் வைத்தால் தட்டு 200 டிகிரிப் பக்கம் போகும், அதுவும் முதல் முறை சூடேறும்போது கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நிற்கும். அந்த நேரத்தில் ஜெர்சியை வைத்து அழுத்தினால் வேறு என்ன ஆகும்? சுற்றிலும் டீக்கறை மாதிரி பழுப்பாகப் படர்ந்திருப்பது வேறு. உன் ரூம்காரத் தம்பி வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி ஸ்ப்ரே அடித்து, காய்வதற்குள் தேய்க்கிறான் என்று சொன்னாயே, அந்தக் கஞ்சி கருகி ஏறியது அது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், ஒன்றுக்குச் சூடு வேண்டும், இன்னொன்றுக்குத் தண்ணீர் வேண்டும். எது எது என்று சந்தேகம் வந்தால், ஆறிய பெட்டியின் மேல் ஒரு ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்துத் துடைத்துப் பார். துணியில் பழுப்பு இறங்கிப் பிசுபிசுத்தால் கஞ்சி. ஒன்றுமே இறங்கவில்லை என்றால் பிளாஸ்டிக்.

முதலில் கட்டியை எடு. ஜன்னலைத் திறந்து வை. பழைய மரக்கரண்டி ஒன்று, இல்லாவிட்டால் ஐஸ் குச்சி நாலைந்து, தடிமனான பழைய காட்டன் துண்டு ஒன்று, இவ்வளவு போதும். பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துப் பிளக்கைப் போடு. நடுநடுவே குச்சி முனையால் கட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டே இரு, குச்சி அழுந்திப் பள்ளம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், இது கட்டாயம். குச்சியைப் படுக்கையாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே பக்கமாகத் தள்ளு. நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும், விரலால் எடுக்காதே, சுட்ட பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் சுலபத்தில் விடாது. ஆறிக் கெட்டியாகிவிட்டால் மறுபடி கொஞ்சம் சூடேற்றித் தள்ளு. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டி வைக்காதே. அதிகச் சூட்டில் அது தண்ணியாகிப் பரவி, தட்டு முழுக்க ஏடு மாதிரி படிந்துவிடும், கட்டியை எடுப்பதை விட அந்த ஏட்டை எடுப்பதுதான் பெரும்பாடு. புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

கட்டி போன பிறகும் மெல்லிய படலம் ஒன்று மிச்சம் இருக்கும். அதற்கு நடுத்தரச் சூடு வைத்து, பிளக்கைப் பிடுங்கி, காட்டன் துண்டை நாலாக மடித்துப் பலகையில் போட்டு, அதன் மேல் அழுத்தித் தேய். பிளாஸ்டிக் துண்டுக்கு மாறும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் துண்டில் சுத்தமான இடத்துக்கு நகர்ந்துகொண்டே போ, ஒரே இடத்தில் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறாய். துண்டு சுத்தக் காட்டனாக இருக்கட்டும், பாலியஸ்டர் கலந்ததை எடுத்தால் அதுவும் சேர்ந்து ஒட்டும்.

வீடியோவில் பாராசிட்டமால் மாத்திரை தேய்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது பொய் இல்லை. மாத்திரை சுமார் 169 டிகிரியில் உருகும், உருகிய நீர்மம் படலத்தின் அடியில் புகுந்து இளக்கும், அப்போதே துடைத்தால் வந்துவிடும். ஆனால் அதற்குத் தட்டு நல்ல சூட்டில் இருக்க வேண்டும், மாத்திரையை இடுக்கியில் பிடிக்க வேண்டும், நெடி மூக்கில் ஏறும். உன் ரூமில் ஒருவனுக்கு வீசிங் இருக்கிறதே, அவன் வெளியே போன நேரமாகப் பார்த்துச் செய், அதுவும் துண்டுக்கு வராத படலத்துக்கு மட்டும். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைச் சொன்னால் கேட்காதே. பாலியஸ்டர் அதில் கரையாது, சூடான தட்டில் பட்டால் ஆவியாகிப் பரவும், ஒரு பொறி பட்டாலும் குப்பென்று தீப்பிடிக்கும்.

அப்புறம் அந்தப் பழுப்பு. இதற்குப் பெட்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆப்ப சோடா இரண்டு ஸ்பூன், தண்ணீர் ஒரு ஸ்பூன், இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, பஞ்சு மாதிரி மெத்தென்ற துணியில் எடுத்து வட்டமாகத் தேய். கஞ்சி ஊறி விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், அவசரப்பட்டு நகத்தால் கீறாதே. உன்னுடையது டிரை அயர்ன், ஆவித் துளை இல்லை, அதனால் சோடா அடைத்துக்கொள்ளும் என்ற பயம் இல்லை. பிறகு ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை நன்றாகத் துடை. தட்டும் உடம்பும் சேரும் விளிம்பில் வெள்ளையாகச் சோடா தங்கும், பல் குத்தும் குச்சியில் துணி சுற்றி அதையும் எடு. பெட்டியைக் குழாயடியில் மட்டும் காட்டிவிடாதே. இன்னும் கறை தெரிந்தால் வினிகர் நனைத்த துணியால் துடை, ஆனால் சோடாவோடு கலந்து போடாதே, நுரை பொங்குவதோடு சரி, இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு சூடேற்றி, பழைய வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார். கோடு விழாமல் வழுக்கிக்கொண்டு போனால் சட்டையை எடுக்கலாம். பூச்சு உரிந்து அடியில் வெள்ளி நிறம் தெரிகிற இடம் இருந்தால், எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது திரும்ப வராது, அந்த இடம் துணியைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, இதை நீ சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன். ஜெர்சியைத் தேய்க்கும்போது திருகு எங்கே இருந்தது? காட்டனில் இருந்தது என்றால் சரி, காரணம் தெரிந்துவிட்டது. நைலான் குறியில் வைத்தும் இப்படி உருகியது என்றால் தெர்மோஸ்டாட்டில் கோளாறு. குறைந்த சூட்டில் வைத்துப் பக்கத்திலேயே நில், சில நிமிடத்தில் டிக்கென்று சத்தம் கேட்டு லைட் அணைய வேண்டும், ஆறியதும் திரும்ப எரிய வேண்டும். அணையவே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடு, சுத்தம் பண்ணுகிற வேலையே வேண்டாம், புதுசு வாங்கிக்கொள். அப்பாவிடம் சொல்லிப் பணம் போடச் சொல்கிறேன்.

அம்மா
செல்லூர், மதுரை