நோயுற்ற குழந்தையின் படம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலத்தில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சென்ற மாதம் ஒரு வேண்டுகோள் வந்தது. மூக்கில் குழாயுடன் படுத்திருக்கும் ஒரு குழந்தையின் படத்தின்மேல், மதுரை மருத்துவமனை ஒன்றில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு 18 லட்சம் ரூபாய் தேவை என்று எழுதி, கீழே பணம் அனுப்ப ஒரு க்யூஆர் குறியீட்டையும் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா 500 ரூபாய் அனுப்பவிருந்தார். அரை மணி நேரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்தப் படம் இதற்குமுன் இணையத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க, அதை அப்படியே கூகுள் லென்ஸில் இட்டபோது, அதே போன்ற கட்டில்களில் கிடக்கும் வேறு வேறு குழந்தைகள்தாம் வந்தார்கள். எழுத்துகளை வெட்டி நீக்கிவிட்டுத் தேடியும் பயனில்லை. அதன்பின்தான், கட்டிலுக்குப் பின்னால் இருந்த கருவியின் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருப்பதைக் கவனித்தேன். இப்படிப் புரட்டிய படத்தைத் தேடுபொறிகள் பல நேரங்களில் அடையாளம் காண்பதில்லை. போனிலேயே அதை நேராக்கி, படத்தைக் கொண்டு தேடும் tineye.com தளத்தில் இட்டு, முடிவுகளைப் பழையவை முதலில் வரும் Oldest என்ற வரிசையில் பார்த்ததும் படம் அகப்பட்டது.

அங்கே காட்டப்படுவது, அந்தத் தளம் அப்படத்தை முதலில் கண்ட தேதியே தவிர, படம் எடுக்கப்பட்ட தேதி அன்று; ஆகவே பக்கத்தைத் திறந்து படித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் ஒரு குடும்பம் தன் குழந்தையின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக நிதி கேட்டிருந்த பக்கம் அது. கன்னத்துப் பிளாஸ்திரியும் போர்வையின் மடிப்பும் அப்படியே ஒத்திருந்தன. அங்கிருந்த படம் இன்னும் அகலமானது. ஓரத்தில் தாயின் கை தெரிந்தது. எங்களுக்கு வந்ததில் அந்தக் கை வெட்டப்பட்டிருந்தது.

பழைய படம் கிடைத்தால் மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. அதே குடும்பம் மீண்டும் உதவி கேட்கக்கூடும் என்பதால் நோய், ஊர், பெயர் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அதுவும் சான்றாகாது, நேற்று எடுத்த படம் இணையத்தில் இருக்காது அல்லவா? அப்போது, வேண்டுகோளில் தந்த எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் விசாரிப்பதே வழி.

அக்கா பணம் அனுப்பவில்லை; தகவலை, இணையக் குற்றங்களுக்கான அரசின் cybercrime.gov.in தளத்தில் பதிந்தோம். பணத்தை இழந்துவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு விண்ணப்பம். இத்தகைய போலி வேண்டுகோள்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அந்தக் குழந்தையின் முகத்தை மறைத்து அச்சிடுங்கள். எங்கோ உண்மையாகவே நோயில் கிடந்த பிள்ளையின் முகம் அது. ‘போலி’ என்ற முத்திரையை அதன்மேல் நாமும் குத்தக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.